செயலி சிவப்பு காட்டினால் என்ன செய்வது: ஒப்பனைப் பொருள்களின் 'பாதுகாப்பு மதிப்பெண்'ணைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடந்த கார்த்திகை மாதத்தில் மதுரையிலிருந்து என் அக்கா மகள் இரண்டு படங்களை அனுப்பினாள். முதல் படத்தில், அவள் மூன்று ஆண்டுகளாகக் குளித்த பின் கை கால்களில் தடவிக்கொள்ளும் லோஷன் இருந்தது. இரண்டாவது படம், அந்த லோஷனின் பார்கோடை ஒரு செயலியில் ஸ்கேன் செய்தபோது வந்த திரை. நூற்றுக்கு இருபதைத் தொடாத மதிப்பெண், ஒரு சிவப்பு வட்டம், அதன் கீழே மெத்தில்பாராபென் என்ற பெயரும் 'ஹார்மோன் சீர்குலைப்பி' என்ற எச்சரிக்கையும். "சித்தி, இதைக் குப்பையில போட்டுடட்டுமா? பாட்டிக்கும் இதைத்தானே தடவிவிடுறேன்" என்று கேட்டிருந்தாள்.

ஒப்பனைப் பொருள் தயாரிப்பு ஆய்வகங்களில் நெடுநாள் வேலை பார்த்தவள் என்பதால், போட வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதை விளக்க அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சு தேவைப்பட்டது. அந்தப் பேச்சை வரிசைப்படுத்தி எழுதியதே இது. உணவுப் பொருள்களுக்கும் இத்தகைய செயலிகள் உண்டு. அங்கே சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் கணக்கும் சேர்ந்துகொள்வதால் அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். இங்கே தோலில் தடவும் பொருள்களை மட்டும், அதிலும் பெரும்பாலும் அந்த ஒரே லோஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள்

செயலியின் அமைப்புப் பக்கத்திலோ இணையதளத்திலோ மதிப்பிடும் முறை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். 2017இல் பிரான்சில் தொடங்கப்பட்ட யூக்கா செயலி ஒப்பனைப் பொருள்களுக்கு மதிப்பெண் போடும் முறை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் ஒன்று தரப்படுகிறது. பட்டியலில் ஒரே ஒரு சிவப்புச் சேர்மானம் இருந்தாலும் முழுப் பொருளின் மதிப்பெண்ணும் 25க்குக் கீழே இறங்கிவிடும். ஆரஞ்சு இருந்தால் 50க்குக் கீழே. மற்ற இருபது சேர்மானங்கள் பச்சையாக இருப்பதால் அது மேலே ஏறாது. ஆகவே 18 என்ற எண்ணைப் பார்த்து, 'இந்தப் பொருள் 82 விழுக்காடு கெட்டது' என்று எண்ணிக்கொள்வது தவறு. பட்டியலில் ஏதோ ஒரு பெயருக்குச் சிவப்பு விழுந்திருக்கிறது என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள்.

அமெரிக்காவின் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2004 முதல் நடத்திவரும் ஸ்கின் டீப் தரவுத்தளத்தின் வழி வேறு. அங்கே பத்துவரை மதிப்பெண் உண்டு. எண் கூடக் கூட மோசம். எண்ணுக்கு அருகில், அந்தச் சேர்மானத்தைப் பற்றி எவ்வளவு ஆய்வுத் தகவல் கிடைத்துள்ளது என்பதும் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. பொருள் கெடாமல் காக்க எழுபது எண்பது ஆண்டுகளாகப் பயன்படும் ஒரு பதப்பொருளை எலிக்குக் கொடுத்து, முயலின் தோலில் தடவி, செல்களில் ஊற்றி நூற்றுக்கணக்கானோர் சோதித்திருப்பார்கள். அவற்றில் சில முடிவுகள் கவலை தருவதாக இருக்கும். நேற்று சந்தைக்கு வந்த ஒரு பூவின் சாற்றை எவரும் சோதித்திருக்க மாட்டார்கள். ஆகவே அதன் மேல் குற்றச்சாட்டும் இராது. கவலைகளைக் கூட்டிப் போடும் எந்த முறையிலும் முதலாவதுக்குக் கெட்ட மதிப்பெண்ணும் இரண்டாவதுக்கு நல்ல மதிப்பெண்ணும் விழும். நமக்கு நன்கு தெரிந்த பொருள் தண்டிக்கப்படுகிறது, தெரியாத பொருள் தப்பித்துக்கொள்கிறது.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. லேபிளில் சேர்மானங்களின் பெயர்கள்தாம் இருக்கும், அளவு இராது. லேபிளில் இல்லாததைச் செயலி அறிய வழியில்லை. ஆகவே அது சொல்லக்கூடியது, ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு ஏதாவது ஓர் அளவில், ஏதாவது ஒரு வழியில் இருக்கிறதா என்பதை மட்டுமே. வாங்குகிறவர் கேட்பதோ, இந்த அளவில், இப்படித் தடவினால், எனக்குத் தீங்கு நேருமா என்பது. சமையலறைக் கத்திக்கு வெட்டும் இயல்பு உண்டு. அது மேசை இழுப்பறையில் கிடக்கும்போது யாருக்கும் காயம்படுவதில்லை. செயலி இழுப்பறையைத் திறக்காமலே 'கத்தி' என்று சிவப்பு விளக்கைப் போடுகிறது.

இரண்டாம் படி: பெயரை எழுத்துப் பிசகாமல் எடுங்கள்

செயலியை மூடிவிட்டுப் புட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பார்கோடை வைத்துத் தேடும் செயலிகளில் பழைய பட்டியல் தங்கியிருப்பது உண்டு. நிறுவனம் கலவையை மாற்றிய பின்னும் பார்கோடு மாறாமல் இருக்கலாம். அக்கா மகளின் லோஷனில் இருந்த பட்டியலைச் சுருக்கி எழுதினால் இப்படி இருக்கும்:

```
Aqua, Glycerin, Cetearyl Alcohol,
Paraffinum Liquidum, Dimethicone,
Phenoxyethanol, Methylparaben,
Carbomer, Disodium EDTA, Parfum
```

இதில் மூன்றாவதாக உள்ள சீட்டியரைல் ஆல்கஹாலைப் பார்த்து, சாராயம் கலந்திருக்கிறது என்று பயந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்; தோலை உலர்த்தாது, மென்மையாக்கும். பெயரின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பாராபென்களிலும் இதே சிக்கல்தான், ஆனால் இன்னும் நுட்பமாக. பாராபென் என்பது ஒரு பொருளின் பெயரன்று, பதப்பொருள்களின் ஒரு குடும்பப் பெயர். ஐசோபுரோப்பைல், ஐசோபியூட்டைல், பென்டைல், பென்ஸைல், ஃபீனைல் ஆகிய ஐந்து பாராபென்களை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தது. அவை பாதுகாப்பானவை என்று காட்டுவதற்குப் போதிய தரவு தரப்படவில்லை என்பது காரணம். அதே ஆண்டில் புரோப்பைல், பியூட்டைல் பாராபென்களின் உச்ச அளவு 0.14 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அணையாடை கட்டும் இடத்தில் தடவி, கழுவாமல் விடும் பொருள்களில் அவை இரண்டும் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. மெத்தில், எத்தில் பாராபென்கள் மட்டும் பழைய அளவிலேயே, தனியாக 0.4 விழுக்காடு வரை, தொடர்ந்தன. 'ஐரோப்பாவில் பாராபென் தடை' என்று உலவும் செய்தி பொய்யன்று. ஆனால் அது மெத்தில்பாராபெனைப் பற்றிய செய்தியன்று. ஒரு வீட்டில் ஒருவர் குற்றம் செய்தால் அண்ணன் தம்பி எல்லாரையும் பிடித்துப்போகிற கதையாக, குடும்பம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசப்படுகிறது.

மூன்றாம் படி: எந்தத் தீங்கு, எந்த வழியாக என்று கேளுங்கள்

சிவப்பு வட்டத்தைத் தொட்டால், பெரும்பாலான செயலிகளில் 'புற்றுநோய்', 'ஹார்மோன்', 'ஒவ்வாமை' என்பதுபோல் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன ஆய்வு இருக்கிறது என்று தேட வேண்டும். பாராபென்களைப் பொறுத்தவரை இரண்டு வேர்கள் உண்டு.

முதலாவது, 1998இல் வெளிவந்த ஆய்வக முடிவு. சில பாராபென்கள் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப்போல் இலேசாக நடந்துகொள்கின்றன என்று அது காட்டியது. இது உண்மை. ஆனால் அதே ஆய்வில், சோதிக்கப்பட்டவற்றுள் வலுமிக்கதான பியூட்டைல் பாராபெனே, உடலில் இயல்பாகச் சுரக்கும் எஸ்ட்ராடயாலின் வலுவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. மெத்தில் அதைவிடப் பன்மடங்கு பலவீனம். 'ஈஸ்ட்ரோஜனைப்போல் நடக்கும்' என்ற முதல் பாதி மட்டும் செயலிக்குள் வந்து சேர்ந்தது. எவ்வளவு என்ற இரண்டாம் பாதி வழியில் நின்றுவிட்டது.

இரண்டாவது, இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்ப்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட கட்டுரை. இருபது மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென்கள் இருந்ததை அது அறிவித்தது. கட்டியில்லாத மார்பகத் திசுவோடு ஒப்பிடவில்லை. ஆகவே கட்டிக்கும் பாராபெனுக்கும் தொடர்பு உண்டா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. பாராபென்கள் புற்றுநோயை உண்டாக்கின என்று அந்தக் கட்டுரை கூறவும் இல்லை. ஆனால் நாளிதழ்த் தலைப்புகள் அதைச் சொன்னதாகவே ஆக்கின. சில ஆண்டுகளில் 'பாராபென் இல்லாதது' என்ற வாசகம் ஷாம்பு புட்டிகளின் முகப்பில் ஏறிவிட்டது.

எந்த வழியாக என்ற கேள்விக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சன்ஸ்கிரீன்களில் வெள்ளைப் பொடியாகச் சேர்க்கப்படும் இது, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகுத்த 2பி பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. அந்த முடிவுக்கு அடிப்படை, எலிகள் அதன் தூசியைப் பெருமளவில் மூச்சில் இழுத்தபோது நுரையீரலில் கண்ட கட்டிகள். களிம்பாகக் குழைத்த சன்ஸ்கிரீனை யாரும் மூச்சில் இழுப்பதில்லை. பொடியாகவோ தெளிப்பானாகவோ விற்கப்பட்டால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. குழாயிலிருந்து பிதுக்கித் தடவும் களிம்புக்கு இல்லை. பெயரை மட்டும் பார்க்கும் செயலிக்குப் பொடியும் களிம்பும் ஒன்றே.

நான்காம் படி: அளவைக் கணக்கிடுங்கள்

இதுதான் வேலை மிகுந்த படி. ஆனால் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

சேர்மானப் பட்டியல் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஒரு விழுக்காடும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை மட்டும், மற்றவற்றுக்குப் பின்னால், எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளிலும் இதே முறைதான். ஆகவே பட்டியலில் அந்த ஒரு விழுக்காட்டுக் கோடு எங்கே விழுகிறது என்று ஊகிக்கலாம். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய உச்ச அளவு 1 விழுக்காடு. நம் லோஷனில் அது ஆறாவதாக இருக்கிறது. அந்த வரம்பைப் பின்பற்றித் தயாரித்த பொருளாக இருந்தால், அதற்குப் பின் வரும் எல்லாமே ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாதவை. மெத்தில்பாராபென் ஏழாவது. அது அதன் சட்ட உச்சமான 0.4 விழுக்காட்டை முழுவதும் தொட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே போடுவோம். ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாக வளைந்துவிடக் கூடாது.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தடவுகிறோம்? ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, உடல் முழுவதும் லோஷன் தடவுபவர் நாளொன்றுக்கு 7.82 கிராம் பயன்படுத்துவதாகக் கணக்கில் கொள்கிறது. ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி என்று கொள்ளலாம். அக்கா மகள் கை கால்களுக்கு மட்டுமே தடவுகிறாள். இருந்தாலும் முழு அளவையே எடுத்துக்கொண்டோம்.

7.82 கிராமில் 0.4 விழுக்காடு என்பது ஏறத்தாழ 31 மில்லிகிராம். தோலின் மேல் விழும் மெத்தில்பாராபென் அவ்வளவுதான்.

இதை எதனோடு ஒப்பிடுவது? மெத்தில்பாராபென் உணவிலும் பதப்பொருளாகப் பயன்படுவது. ஐரோப்பாவில் அதன் எண் ஈ218. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004இல் மெத்தில், எத்தில் பாராபென்கள் இரண்டுக்கும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை, வாழ்நாள் முழுவதும் உட்கொண்டாலும் ஏற்கத்தக்கது என்று வரையறுத்தது. எந்தப் பாதிப்பும் காணப்படாத அளவு விலங்குகளில் கிலோவுக்கு 1000 மில்லிகிராம். அதை நூறால் வகுத்துப் பெற்றதே இந்தப் பத்து. அக்கா மகளின் எடை 60 கிலோ. எனவே அவளுக்கான எல்லை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம். தடவிய 31 மில்லிகிராமும் ஒரு துளி மிச்சமில்லாமல் தோலுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்தாலும், அந்த எல்லையின் இருபதில் ஒரு பங்கு அளவுதான் வருகிறது. உண்மையில் அதில் ஒரு பகுதிதான் இறங்கும்.

"லோஷன் மட்டுமா போடுறேன்? ஷாம்பு, ஃபேஸ் கிரீம், பவுடர் எல்லாத்திலயும் இருந்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதே குழு, ஒருவர் பயன்படுத்தும் எல்லா ஒப்பனைப் பொருள்களையும் கூட்டி நாளொன்றுக்கு 17.4 கிராம் என்று கணக்கிடுகிறது. எல்லாவற்றிலும் உச்ச அளவே இருக்கிறது என்று கொண்டால் ஏறத்தாழ 70 மில்லிகிராம். அப்போதும் 600இல் எட்டில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

இந்தக் கணக்கின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். 10 மில்லிகிராம் என்பது வாய்வழி உட்கொள்வதற்கு வகுத்த எல்லை. விழுங்கியதைக் குடலும் கல்லீரலும் உடைப்பதுபோல் தோல் அவ்வளவு முழுமையாக உடைப்பதில்லை. ஆகவே இது ஒரு தோராயமான ஒப்பீடு. அதோடு, இதே கணக்கைப் புரோப்பைல் பாராபெனுக்குப் போட முடியாது. அதற்கு இதே எல்லை பொருந்தாது என்று 2004இல் அந்த ஆணையமே விலக்கிவிட்டது, பின்னர் ஐரோப்பிய உணவுப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. ஒப்பனைப் பொருளில் அதன் உச்ச அளவு 0.14 விழுக்காடாக இறங்கியதும் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. இரண்டாம் படியில் பெயரை எழுத்துப் பிசகாமல் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: அளவையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னதைத் தேடுங்கள்

எல்லாச் சேர்மானத்துக்கும் நாமே கணக்குப் போட வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையத்தின் காஸ்இங் தரவுத்தளம் இலவசம். தேடுபொறியில் `CosIng` என்று தட்டினால் கிடைக்கும். அதில் லேபிளில் உள்ளபடியே `Methylparaben` என்று தட்டினால், ஐரோப்பிய ஒப்பனைப் பொருள் விதியின் எந்த இணைப்புப் பட்டியலில் அது இருக்கிறது என்று காட்டும். இரண்டாம் இணைப்பில் இருந்தால் தடை செய்யப்பட்டது. மூன்றாம் இணைப்பில் இருந்தால் நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது. ஐந்தாம் இணைப்பில் இருந்தால் அனுமதிக்கப்பட்ட பதப்பொருள், உச்ச அளவோடு. மெத்தில்பாராபென் ஐந்தாவதில் இருக்கிறது. அறிவியல் குழு அதை மறுபடியும் ஆராய்ந்து, ஹார்மோன் குறித்த ஐயங்களையும் கணக்கில் கொண்டு, 0.4 விழுக்காடு வரை பாதுகாப்பானது என்று 2023இல் மீண்டும் கூறியது. இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 4707 என்ற தரநிலை இதே வகையான பட்டியல்களைக் கொண்டது. ஆனால் சாதாரண வாசகருக்குத் தேட எளிதானது காஸ்இங்தான்.

செயலியும் இந்தக் குழுவும் முரண்பட்டால் யாரை நம்புவது என்று கேட்பார்கள். குழுவினர் தவறே செய்யாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து பாராபென்களைத் தடுத்தவர்கள், இரண்டின் அளவைக் குறைத்தவர்கள் அவர்களுடைய ஆய்வை வைத்தே அதைச் செய்தார்கள். எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்டுப் பதில் சொன்னவர்கள் அவர்கள். செயலி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஆறாம் படி: மாற்றாக வாங்கப்போவது எது என்று பாருங்கள்

சிவப்பைத் தவிர்த்துப் பச்சைக்கு மாறும்போது புட்டிக்குள் என்ன மாறுகிறது என்பதை வாங்குகிறவர் நினைப்பதில்லை. தண்ணீர் கலந்த எந்த லோஷனிலும் கிருமி வளரும். பதப்பொருள் போதுமா என்று சோதிக்க, ஆய்வகத்தில் மாதிரிக்குள் வேண்டுமென்றே ஐந்து வகைக் கிருமிகளைச் செலுத்தி 28 நாள்கள் கண்காணிப்போம். ஒருமுறை பதப்பொருளே போடாத கலவை ஒன்றை ஒப்பீட்டுக்காக அலமாரியில் வைத்திருந்தோம். இரண்டாம் வாரத்தில் அது நீர்த்து, மேலே இளம் பச்சையாக ஒரு படலம் கட்டி, ஈரத்துணியை மூடிவைத்த வாடை வந்தது. நம் ஊர்க் குளியலறையின் வெப்பத்திலும் ஈரத்திலும், ஈர விரலை விட்டு எடுக்கும் டப்பாவில், அது இன்னும் சீக்கிரம் நடக்கும். படலம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம்; தெரியாமலே பெருகும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் கண்ணுக்கும் புண்பட்ட தோலுக்கும் கெடுதல்.

எனவே பாராபெனை எடுத்தவர்கள் வேறொன்றைப் போட வேண்டியிருந்தது. 2005 முதல் ஐரோப்பாவில் மெத்தில் ஐசோதையாஸோலினோன் என்ற பதப்பொருளைத் தனியாக 0.01 விழுக்காடு வரை சேர்க்க அனுமதி கிடைத்தது. பாராபெனின் உச்ச அளவில் நாற்பதில் ஒரு பங்கு. ஈரத் துடைப்பான்களிலும் கிரீம்களிலும் விரைவில் பரவியது. சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களிடம் கை, முகம், குழந்தைகளின் புட்டம் ஆகிய இடங்களில் சிவந்து அரிக்கும் ஒவ்வாமையோடு வந்தவர்கள் பெருகினார்கள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் 2013இல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் விடும் பொருள்களில் 2017 முதல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019இல் வேடிக்கையான, ஆனால் ஆழ்ந்த பொருளுள்ள ஒரு பட்டத்தைப் பாராபென்களுக்குக் கொடுத்தது: 'ஆண்டின் ஒவ்வாமை தராப் பொருள்'. புண்படாத தோலில் இவ்வளவு அரிதாக ஒவ்வாமை தரும் பதப்பொருள் வேறு கிடைப்பது கடினம் என்பதை மருத்துவர்களுக்கே நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருந்தது.

ஆகவே மாற்றுப் பொருளின் பட்டியலைப் படிக்கும்போது, கெடாமல் காப்பது எது என்று முதலில் தேடுங்கள். ஃபீனாக்ஸிஎத்தனால், சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் போன்ற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். தண்ணீர் முதலிடத்தில் இருந்தும் பதப்பொருள் எதுவுமே தென்படவில்லை என்றால், அந்தப் பச்சை மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன். தண்ணீரே இல்லாத தேங்காய் எண்ணெய், வாசலின் வகைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஏழாம் படி: செயலியை எதற்கு வைத்துக்கொள்ளலாம், எது அதற்குத் தெரியாது

செயலியை நீக்கிவிடச் சொல்லவில்லை. தோல் மருத்துவர் பேட்ச் சோதனை செய்து, உங்களுக்கு லினலூல் ஒவ்வாது அல்லது ஏதோ ஒரு நறுமணப் பொருள் ஒவ்வாது என்று எழுதிக் கொடுத்திருந்தால், கடையில் நின்று நுண்ணெழுத்தைப் படிப்பதைவிடச் செயலியில் அந்தப் பெயரைத் தேடுவது எளிது. அப்போது நீங்கள் தேடுவது ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை. அதற்கு அளவு தெரிய வேண்டியதில்லை. அந்த வேலையைச் செயலி நன்றாகவே செய்யும்.

அதனால் செய்ய முடியாத வேலைதான் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் தேவைப்படுகிறது. 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிவப்பழகு கிரீம் பூசிய பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் புரதம் சிறுநீரில் கசிவதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கிரீம்களில் பாதரசம் இருந்தது. முகத்துக்கான கிரீமில் பாதரசம் தற்செயலாகக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆனால் பாதரசம் சேர்க்கிறவர் அதை லேபிளில் எழுதுவதில்லை. அப்படிப்பட்ட டப்பாவை ஸ்கேன் செய்தால், ஒன்று பார்கோடே இருக்காது, அல்லது எழுதியிருக்கும் கற்றாழையையும் எலுமிச்சையையும் படித்துவிட்டுச் செயலி பச்சையைக் காட்டும்.

இங்கே பார்க்க வேண்டியவை வேறு. தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் ஆகியவற்றில் ஏதாவது இல்லையென்றால் வாங்கக் கூடாது. ஒரு வாரம் பத்து நாளில் முகம் பளிச்சென்று வெளுத்து, நிறுத்தியதும் முன்னைவிடக் கறுத்தால் உடனே பூசுவதை நிறுத்த வேண்டும். அத்தகைய கிரீமை மாதக்கணக்கில் பூசியவருக்குக் கால் வீக்கமோ நுரைத்த சிறுநீரோ தென்பட்டால், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரில் புரதம் பார்க்கும் சாதாரணச் சோதனையே முதல் அறிகுறியைக் காட்டிவிடும்.

அக்கா மகளிடம் இதையும் சொன்னபோது சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, தோழி ஒருத்தி பரிசாகக் கொடுத்ததாக ஒரு சிறிய வெள்ளை டப்பாவின் படம் வந்தது. மூடியில் ஒரு பெண்ணின் முகம். அடியில் வேற்றுமொழியில் இரண்டு வரிகள், முகவரி இல்லை, பட்டியல் இல்லை. செயலி அதற்கு 'இந்தப் பொருள் எங்கள் தரவில் இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தது. லோஷன் இருக்கட்டும், இதைப் போட்டுவிடு என்றேன்.